தெர்மோகப்பிளின் இன்னொரு முனை: கோல்ட் ஜங்ஷன் காம்பன்சேஷன் என்றால் என்ன?

ஃபர்னஸ் பேனலில் இருக்கும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரின் பின்பக்கம் போய், தெர்மோகப்பிள் வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு சின்ன செம்புக் கம்பித் துண்டால் ஷார்ட் செய்யுங்கள். இப்போது டிஸ்ப்ளேயைப் பாருங்கள். கன்ட்ரோலர் சரியாக இருந்தால் 38, 40 என்று ஏதோ ஒரு எண் நிற்கும்.

தெர்மோகப்பிளே இல்லை. உள்ளே வரும் மின்னழுத்தம் பூஜ்யம். அப்படியானால் அந்த 40 எங்கிருந்து வந்தது? கன்ட்ரோலர் தானாகச் சேர்த்துக்கொண்டது. தன் டெர்மினல் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை அதுவே அளந்து, உள்ளே வரும் சிக்னலோடு கூட்டிக் காட்டுகிறது. இந்தக் கூட்டலுக்குத்தான் கோல்ட் ஜங்ஷன் காம்பன்சேஷன் என்று பெயர். மெனுவில் பல கன்ட்ரோலர்கள் இதை `CJC` என்று சுருக்கிக் காட்டும். தமிழில் குளிர்முனை ஈடு என்று வைத்துக்கொள்ளலாம்.

திருவொற்றியூர், வியாசர்பாடி, மணலி பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் ஷெட்டுகளில் வேலை செய்பவர்களுக்கு தெர்மோகப்பிள் புதிதல்ல. குச்சி பழுதானால் மாற்றத் தெரியும், கே டைப்புக்கும் ஜே டைப்புக்கும் வித்தியாசம் தெரியும். ஆனால் வயரின் இந்தப் பக்கத்து முனையும் அளவில் பாதிப் பங்கு எடுத்துக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஃபர்னஸ் தப்பாகக் காட்டுகிறது என்று கூப்பிடும் இடங்களில் குச்சியில் கோளாறு இருப்பதைவிட இந்தப் பக்கத்தில் கோளாறு இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முனையில் வோல்டேஜ் பிறப்பதில்லை

இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்துச் சூடாக்கினால், திறந்திருக்கும் மறுமுனைகளுக்கு நடுவே சின்ன மின்னழுத்தம் கிடைக்கும். 1821இல் ஜெர்மன் இயற்பியலாளர் சீபெக் கண்டறிந்த விளைவு இது. பள்ளிப் பாடத்திலும் வருகிறது. பாடத்தைப் படித்த பிறகு மனதில் தங்கிவிடும் படம் மட்டும் கொஞ்சம் தவறானது. வெல்டு செய்த அந்தச் சின்ன உருண்டைதான் பேட்டரி மாதிரி வோல்டேஜ் தருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

உண்மையில் வோல்டேஜ் உருவாவது கம்பியின் நீளம் முழுவதும், வெப்பநிலை மாறிக்கொண்டே போகும் பகுதியில். ஃபர்னஸுக்குள் 850 டிகிரியில் சீராக இருக்கும் பகுதி எதுவும் தருவதில்லை. ஃபர்னஸ் சுவரைத் தாண்டி 850இலிருந்து 75க்கு இறங்கும் அந்த ஒன்றரை அடியில்தான் பெரும்பங்கு பிறக்கிறது. அதனால் தெர்மோகப்பிளால் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று: இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம். உள்ளே எவ்வளவு சூடு என்று தனியாகச் சொல்ல அதனால் முடியாது.

மொட்டை மாடியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு முதல் மாடிப் படிக்கட்டு வரை அளக்கிறீர்கள் என்று வையுங்கள். டேப் சொல்வது அந்தப் படிக்கட்டிலிருந்து மேலே எவ்வளவு என்பது மட்டும். தரையிலிருந்து மொத்த உயரம் வேண்டுமானால், படிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தனியாக அளந்து கூட்ட வேண்டும். இங்கே தரை என்பது 0 டிகிரி. படிக்கட்டு என்பது கன்ட்ரோலரின் டெர்மினல்.

எல்லா தெர்மோகப்பிள் அட்டவணைகளும் மறுமுனை 0 டிகிரியில் இருக்கிறது என்ற கணக்கில்தான் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆய்வகங்களில் அந்த முனையை நிஜமாகவே ஐஸ் தண்ணீருக்குள் வைத்து அளப்பார்கள். குளிர்முனை என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். எண்ணூர் ஹைரோட்டை ஒட்டிய ஷெட்டில் மே மாதம் பேனலுக்குள் 45 டிகிரி இருக்கும். அதில் குளிர்ச்சி எதுவும் இல்லை. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கூட்டல் எப்படி நடக்கிறது

கே டைப்பை எடுத்துக்கொள்வோம். ஃபர்னஸ் நிஜமாக 850 டிகிரி. அட்டவணைப்படி, மறுமுனை 0இல் இருந்தால் 35.313 மில்லிவோல்ட் வர வேண்டும். ஆனால் மறுமுனை, அதாவது கன்ட்ரோலர் டெர்மினல், 40 டிகிரியில் இருக்கிறது. 40 டிகிரிக்கு அட்டவணை சொல்வது 1.612 மில்லிவோல்ட். அந்த அளவு குறைந்துதான் கன்ட்ரோலருக்குள் வரும்: 33.701.

கன்ட்ரோலருக்குள் டெர்மினலை ஒட்டி ஒரு தெர்மிஸ்டரோ டயோடோ இருக்கும். அது 40 என்று சொல்கிறது. கன்ட்ரோலர் அந்த 40ஐ மில்லிவோல்ட்டாக மாற்றுகிறது, உள்ளே வந்ததோடு கூட்டுகிறது, கூட்டி வந்ததை அட்டவணையில் தேடுகிறது.

```
E(850) = 33.701 + E(40)
       = 33.701 + 1.612
       = 35.313 mV
```

மில்லிவோல்ட்டைத்தான் கூட்ட வேண்டும், டிகிரியைக் கூட்டக் கூடாது என்பதைக் கவனியுங்கள். கையில் மல்டிமீட்டர் வைத்து அளந்து, அட்டவணையில் ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, அதோடு அறை வெப்பநிலையைக் கூட்டிவிடுபவர்கள் உண்டு. கே டைப்பில் இது பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. அதன் கோடு கிட்டத்தட்ட நேராகப் போவதால் 1 டிகிரி அளவில் தப்பித்துவிடும். பிளாட்டினம் குச்சியான எஸ் டைப்பில் அதே பழக்கம் மாட்டிவிடும். 1000 டிகிரி ஃபர்னஸ், 40 டிகிரி டெர்மினல் என்றால் மல்டிமீட்டர் 9.352 மில்லிவோல்ட் காட்டும். அட்டவணையில் அது சுமார் 980. அதோடு 40ஐக் கூட்டினால் 1020 வரும். 20 டிகிரி அதிகம். காரணம், எஸ் டைப் அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்குத் தருவது, 1000 டிகிரியில் தருவதில் ஏறத்தாழ பாதிதான்.

கூட்டாமல் விட்டால்

கூட்டலை முழுக்க விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போது எளிது. 33.701 மில்லிவோல்ட்டை அப்படியே அட்டவணையில் தேடினால் 810 டிகிரி. நிஜத்தில் 850, டிஸ்ப்ளேயில் 810. டிஸ்ப்ளே குறைவாகக் காட்டுவதால் கன்ட்ரோலர் இன்னும் சூடாக்கும். டிஸ்ப்ளேயை 850க்குக் கொண்டுவந்து நிறுத்தும்போது ஃபர்னஸ் 890 டிகிரியில் இருக்கும். இந்தத் திசையை மறக்கக் கூடாது: ஈடு குறைந்தால் எண் குறையும், ஃபர்னஸ் ஏறும்.

முழுக்க விட்டுவிட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் ஃபர்னஸ் ஆறிக் கிடக்கும்போது டிஸ்ப்ளே 0 என்றோ 2 என்றோ காட்டினால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். சென்னையில் ஏது 0 டிகிரி?

சிக்கல் தருவது பாதி ஈடு. சில பழைய கன்ட்ரோலர்களிலும் சில பிஎல்சி புரோகிராம்களிலும் குளிர்முனையை அளக்காமல் 25 டிகிரி என்று நிலையாக எழுதி வைத்துவிடுவார்கள். ஏசி போட்ட அறையில் பேனல் இருந்தால் ஓரளவு ஓடும். ஷெட்டுக்குள் ஃபர்னஸ் பக்கத்திலேயே நிற்கும் பேனலில் அது பொய். மதியம் பேனலுக்குள் 45 டிகிரி இருக்கும்போது 25 என்று நினைத்துக் கூட்டினால், டிஸ்ப்ளே 20 டிகிரி குறைவாகக் காட்டும். 850 என்று நிற்கும் ஃபர்னஸ் உண்மையில் 870இல் ஓடும். இரவு ஷிஃப்டில் கடல் காற்று வந்து பேனல் 33க்கு இறங்கினால் தவறு 8 டிகிரியாகக் குறையும். அதே செட்டிங், அதே குச்சி, அதே சரக்கு. பகல் ஷிஃப்ட் வேலை ஒரு மாதிரியும் இரவு ஷிஃப்ட் வேலை வேறு மாதிரியும் வரும். அப்புறம் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதைக் காட்டிக்கொடுக்க முதலில் சொன்ன செம்புக் கம்பி போதும். டெர்மினலை ஷார்ட் செய்தால் பேனலுக்குள் இருக்கும் வெப்பநிலை வர வேண்டும். 0 வந்தால் `CJC` அணைந்திருக்கிறது. காலையிலும் மதியத்திலும் அசையாமல் 25 வந்தால் யாரோ நிலையாக எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை, வயர் கழற்றும் நேரத்தையும் சேர்த்து.

கன்ட்ரோலர் சரி, குளிர்முனை வேறு இடத்தில்

இனி வருவதுதான் அதிகம் நடப்பது. கன்ட்ரோலர் தன் டெர்மினலைச் சரியாக அளக்கிறது, சரியாகக் கூட்டுகிறது. ஆனால் குளிர்முனை அங்கே இல்லை.

திருவொற்றியூரில் ஒரு சிறிய பட்டறை. பாக்ஸ் ஃபர்னஸ், கே டைப் குச்சி, ஈஎன்8 ஸ்டீல் பின்களை 850 டிகிரியில் சூடாக்கி எண்ணெயில் குளிர்விக்கும் வேலை. சில நாட்களாகப் பின்கள் வளைந்து வருகின்றன, மேலே செதில் அதிகம். ஃபர்னஸ் ஓட்டுபவர் பல வருட அனுபவம் உள்ளவர்.

"தம்பி, காலையில எல்லாம் கரெக்டாதான் காட்டுது. ரெண்டு லோடு போனதும் கலர் மாறிப்போகுது. இது 850 கலரே கிடையாது" என்றார்.

"கதவைத் திறந்து பார்த்துட்டுச் சொல்றீங்களா அண்ணே, இல்ல மீட்டரைப் பார்த்தா?"

"மீட்டர் 850ன்னுதான் சொல்லுது. என் கண்ணு ஒத்துக்கல."

அவர் கண் சொன்னது சரி. குச்சியின் தலை, அதாவது வயர் மாட்டும் அந்த அலுமினியப் பெட்டி, ஃபர்னஸ் கதவுக்கு மேலேயே இருந்தது. அதிலிருந்து பேனலுக்குப் போகும் காம்பன்சேட்டிங் கேபிள் எரிந்துபோயிருந்ததால், எலெக்ட்ரீஷியன் கையில் இருந்த சாதாரண இரட்டைச் செம்பு வயரைப் போட்டிருந்தார். மீட்டர் ஓடியது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

செம்பு வயர் போட்டதும் தெர்மோகப்பிள் அந்தத் தலையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பேனல் வரை இரண்டு பக்கமும் ஒரே உலோகம் போவதால், ஒரு பக்கத்தில் பிறக்கும் மின்னழுத்தத்தை மறுபக்கம் அடித்துவிடும். வயர் எந்தப் பங்கும் தராது. ஆக குளிர்முனை இப்போது குச்சியின் தலை. கன்ட்ரோலருக்கு இது தெரியாது. அது வழக்கம்போல் தன் டெர்மினலை அளந்து, அந்த 40ஐக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

காலையில் ஃபர்னஸ் ஆறியிருக்கும்போது தலையும் பேனலும் ஏறக்குறைய ஒரே சூடு. அப்போது தவறு எதுவும் தெரியாது. இரண்டு லோடு போனதும் தலை 75 டிகிரிக்கு ஏறுகிறது. 75 டிகிரிக்கு கே டைப் தருவது 3.059 மில்லிவோல்ட். கழிய வேண்டியதைவிட அதிகமாகக் கழிகிறது, கூட்டுவது மட்டும் அதே 1.612. ஃபர்னஸ் நிஜமாக 850இல் இருந்தால் டிஸ்ப்ளேயில் 814தான் வரும். கன்ட்ரோலர் விடுமா? டிஸ்ப்ளே 850 ஆகும் வரை ஏற்றும். அப்போது உள்ளே 886 டிகிரி. செதில் ஏறியதற்கும் பின் வளைந்ததற்கும் அந்த 36 டிகிரி போதும்.

தவறின் அளவைக் கவனித்தால் ஒரு கணக்கு புலப்படும். தலைக்கும் பேனலுக்கும் உள்ள வித்தியாசம் 35 டிகிரி. டிஸ்ப்ளேயின் தவறும் ஏறக்குறைய அதுதான். கே டைப்பில் எப்போதும் இப்படித்தான் வரும். அதனால் ஒரு தொடு தெர்மாமீட்டரால் குச்சியின் தலையையும் கன்ட்ரோலர் டெர்மினலையும் அளந்தாலே எவ்வளவு பொய் சொல்கிறது என்று மதிப்பிடலாம்.

நிரூபிக்க வேண்டுமானால் ஒரு டேபிள் ஃபேன் போதும். கன்ட்ரோலரை மேனுவலில் வைத்துவிட்டு, குச்சியின் தலைமேல் மட்டும் காற்று படும்படி ஃபேனைத் திருப்புங்கள். செம்பு வயர் போட்ட இடத்தில், தலை ஆற ஆற டிஸ்ப்ளே எண் ஏறும். காற்றடித்தால் எண் இறங்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தலை 75இலிருந்து 60க்கு வந்தால் எண் சுமார் 15 கூடும். ஃபர்னஸ் உள்ளே எதுவும் மாறவில்லை. சரியான கேபிள் போட்ட இடத்தில் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் எண் அசையாது.

தீர்வு, கே டைப்புக்கு உரிய கேபிளைத் தலையிலிருந்து கன்ட்ரோலர் டெர்மினல் வரை போடுவது. அந்தக் கேபிளின் கம்பிகள் தெர்மோகப்பிளின் கம்பிகளைப் போலவே நடந்துகொள்ளும். அதனால் தெர்மோகப்பிள் பேனல் வரை நீண்டுவிட்டதாக ஆகும். குளிர்முனை கன்ட்ரோலர் எதிர்பார்க்கும் இடத்துக்கே வந்துவிடும். `KX` என்று குறித்த கேபிளில் அதே உலோகக் கலவை இருக்கும். விலை குறைந்த வகைகளில் வேறு உலோகங்களை வைத்து, குறைந்த வெப்பநிலை எல்லைக்குள் மட்டும் அதே போல நடக்கும்படி செய்திருப்பார்கள். அவற்றில் சிலவற்றுக்கு அந்த எல்லை 100 டிகிரி. குச்சியின் தலை அதைத் தாண்டிச் சூடாகும் இடத்தில் அவற்றைப் போடக் கூடாது.

நடுவில் ஒரு பித்தளைக் கனெக்டர் வந்தால் கெட்டுவிடுமா என்று அடிக்கடி கேட்பார்கள். கனெக்டரின் இரண்டு திருகுகளும், அவற்றின் இரு பக்கங்களும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் கெடாது. நடுவே நுழையும் மூன்றாவது உலோகத்தின் இரண்டு முனைகளும் ஒரே சூட்டில் இருந்தால் அதன் பங்கு பூஜ்யம். ஒரு பக்கம் ஃபர்னஸ் சுவரைத் தொட்டுக்கொண்டும் மறுபக்கம் காற்றிலும் இருக்கும்படி கனெக்டரை மாட்டினால்தான் பிரச்சினை.

இரண்டு முறை மாற்றியதால் சரியானது போலத் தெரியும் தவறு

சரியான கேபிள் வாங்கிப் போட்டும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுப்பது.

குச்சியின் தலையில் கேபிளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஃபர்னஸ் ஏற ஏற டிஸ்ப்ளே இறங்கும். எலெக்ட்ரீஷியன் பார்ப்பார், "போலாரிட்டி மாறிடுச்சு" என்று சொல்லி பேனல் பக்கத்தில் இரண்டு வயரையும் மாற்றிப் போடுவார். இப்போது ஃபர்னஸ் ஏறினால் எண்ணும் ஏறுகிறது. வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்.

குச்சியின் போலாரிட்டி சரியாகிவிட்டது. ஆனால் நடுவில் இருக்கும் கேபிள் மட்டும் இன்னும் தலைகீழாகவே கிடக்கிறது. தலைக்கும் பேனலுக்கும் நடுவே அது சேர்க்க வேண்டியதைக் கழிக்கிறது. செம்பு வயர் போட்டால் அந்த 35 டிகிரி சேராமல் போகும், அவ்வளவுதான். இங்கே சேராமல் போவதோடு இன்னொரு 35 கழியவும் செய்கிறது. முன்பு பார்த்த அதே ஃபர்னஸில், நிஜத்தில் 850 இருக்கும்போது டிஸ்ப்ளே 779 காட்டும். தவறு 71 டிகிரி. செம்பு வயரே மேல் என்று சொல்லும் நிலை.

இதில் நிறங்களும் சேர்ந்து குழப்பும். சர்வதேச முறையில் கே டைப் கேபிளில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். பழைய பிரிட்டிஷ் முறையில் பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், மேலுறை சிவப்பு. மூன்று வகையும் நம் ஊர் ஷெட்டுகளில் கண்ணில் படும். டிசி வயரிங்கில் சிவப்பு என்றால் பிளஸ் என்று பழகிய கை, அமெரிக்கக் கேபிளில் கட்டாயம் தவறும். சந்தேகம் வந்தால் சின்னக் காந்தத்தை எடுத்து கம்பிகளில் தொட்டுப் பாருங்கள். கே டைப் குச்சியிலும் `KX` கேபிளிலும் மைனஸ் கம்பி அலுமெல். அது காந்தத்தில் ஒட்டும். பிளஸ்ஸான குரோமெல் ஒட்டாது. நிறத்தை நம்புவதைவிட நான் காந்தத்தைத்தான் நம்புவேன்.

அளக்கும் சென்சாரும் ஏமாறும்

கேபிள் சரி, போலாரிட்டி சரி. இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் அந்தத் தெர்மிஸ்டர் டெர்மினலின் வெப்பநிலையை நிஜமாகவே அளக்கிறதா?

அது அளப்பது தன் வெப்பநிலையை மட்டும். டெர்மினலும் தானும் ஒரே சூட்டில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் ஓடுகிறது. பேனலுக்குள் கன்ட்ரோலரின் டெர்மினலை ஒட்டி ஒரு எஸ்எஸ்ஆரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ மாட்டினால், டெர்மினல் ஒரு பக்கம் சூடாகும், சென்சார் கொஞ்சம் தள்ளி உள்ளே இருக்கும். பேனல் ஃபேன் நேராக டெர்மினல்மேல் அடித்தாலும் இதே கதை, எதிர்த் திசையில். டெர்மினலுக்கும் சென்சாருக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால் டிஸ்ப்ளேயில் கிட்டத்தட்ட அதே 5 டிகிரி தவறு வந்துவிடும். ஃபர்னஸ் 300இல் இருந்தாலும் 900இல் இருந்தாலும் கே டைப்பில் இந்த 5 பெரிதாக மாறாது. இதற்கு அடையாளம், பேனல் கதவைத் திறந்ததும் எண் மெல்ல நகர்வது. பவர் ஆன் செய்த முதல் அரை மணி நேரத்தில் எண் நகர்ந்து, பிறகு நிற்பதும் இதனால்தான். அளவு சரிபார்ப்பதை அந்த நேரம் கழிந்த பிறகு செய்ய வேண்டும்.

எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் வாங்கும் `MAX6675` மாட்யூலிலும் விஷயம் இதேதான். அந்தச் சிப் தன் உடம்பின் சூட்டையே குளிர்முனை என்று எடுத்துக்கொள்கிறது. மாட்யூலைச் சூடாகும் வோல்டேஜ் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, எண் சில டிகிரி அதிகமாக வருகிறது என்று சிப்பைத் திட்டிப் பயனில்லை.

ஐஸில் வைத்துப் பார்ப்பது

இந்தப் பக்கத்து முனை சரியா என்று சோதிக்க ஐஸ் தண்ணீரைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒல்லியான கே டைப் புரோப் ஒன்றை அதற்குரிய கேபிளோடு கன்ட்ரோலரில் மாட்டுங்கள். ஒரு ஃபிளாஸ்க்கில் பொடித்த ஐஸை நிறைத்து, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் சுத்தமான தண்ணீர் ஊற்றி, புரோப்பை ஒரு சாணாவது உள்ளே இறக்கி, நன்றாகக் கலக்கி, சில நிமிடம் விடுங்கள். டிஸ்ப்ளே 0 காட்ட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு மதிப்பு வருவது எங்கே என்றால், புரோப் 0இல் இருக்கும்போது டெர்மினல் 40இல் இருந்தால் உள்ளே வருவது மைனஸ் 1.612 மில்லிவோல்ட். கன்ட்ரோலர் பிளஸ் 1.612ஐக் கூட்டி 0 ஆக்குகிறது. அதாவது ஈடு சரியாக இருந்தால்தான் 0 வரும். டிஸ்ப்ளே 4 காட்டினால் குளிர்முனையில் 4 டிகிரி தவறு என்று நேரடியாகப் படித்துக்கொள்ளலாம். கொதிக்கும் தண்ணீரிலும் வைத்துப் பாருங்கள். சென்னை கடல் மட்டத்திலேயே இருப்பதால் 100க்கு மிக அருகில் வரும். அங்கேயும் அதே 4 அதிகம் என்றால் குற்றவாளி குளிர்முனைதான். ஐஸில் சரியாக வந்து மேலே போகப் போகத் தவறு வளர்ந்தால் குச்சியையோ டைப் செட்டிங்கையோ பாருங்கள்.

காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்று மீன் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம். தரையில் இழுபட்டு, உப்பும் மீன் தண்ணீரும் ஏறிய ஐஸ் 0 டிகிரியில் நிற்காது, அதற்குக் கீழே போய்விடும். குடிதண்ணீரில் உறைய வைத்த ஐஸ் போதும்.

மில்லிவோல்ட் சோர்ஸ் வைத்து "சரிசெய்த" கன்ட்ரோலர்

கடைசியாக, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு சேதம். கன்ட்ரோலரைச் சோதிக்க ஒருவர் மில்லிவோல்ட் சோர்ஸ் கொண்டுவருகிறார். அட்டவணையைப் பார்த்து 850க்கு 35.313 மில்லிவோல்ட் என்று செட் செய்து, செம்பு டெஸ்ட் லீடால் கன்ட்ரோலர் டெர்மினலில் கொடுக்கிறார். டெர்மினல் 40 டிகிரியில் இருக்கிறது. கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்கிறது: 1.612ஐக் கூட்டி, 36.925 மில்லிவோல்ட்டுக்கு 890 டிகிரி என்று காட்டுகிறது. அது சரியான பதில். வந்தவருக்கு மட்டும் அது 40 டிகிரி தவறாகத் தெரிகிறது. ஆஃப்செட் மெனுவில் மைனஸ் 40 போட்டு, டிஸ்ப்ளேயில் 850 வந்ததும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார்.

மறுநாள் நிஜமான குச்சியை மாட்டியதும் ஃபர்னஸ் 890இல் ஓட ஆரம்பிக்கும், டிஸ்ப்ளே 850 என்று சொல்லிக்கொண்டிருக்கும். இப்படி ஒட்டிய ஸ்டிக்கரோடு ஒரு கன்ட்ரோலர் உங்கள் பேனலில் இருந்தால், காலையில் ஃபர்னஸ் ஆறியிருக்கும்போது அதைப் பாருங்கள். ஷெட்டுக்குள் 32 டிகிரி இருக்க, டிஸ்ப்ளே மைனஸ் 8 காட்டும்.

செம்பு லீடால் கொடுப்பதானால் டெர்மினலின் வெப்பநிலையை முதலில் அளந்து, அதற்குரிய மில்லிவோல்ட்டைக் கழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். நம் கணக்கில் 35.313இலிருந்து 1.612 போக 33.701. தெர்மோகப்பிளைப் போலவே சிக்னல் தரும் கேலிபிரேட்டர் கையில் இருந்தால், அதை கே டைப்பில் வைத்து, அதன் `CJC`யை ஆன் செய்து, கே டைப் கேபிளாலேயே இணைத்தால் இந்தக் கழித்தலை அதுவே பார்த்துக்கொள்ளும். எந்த வழியில் செய்தாலும், சோதிக்க வந்தவர் ஆஃப்செட்டைத் தொடுவதற்கு முன் எந்த லீடால் இணைத்தார், டெர்மினல் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்டு, ரிப்போர்ட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.